கன்னத்தில் ஒரு திட்டு, இரண்டு காரணங்கள்

முகத்தை ரீடச் செய்து முடித்ததும் கண்ணுக்கு நன்றாகத்தான் தெரிகிறது. அதையே பெரிதாக அச்சடித்து வந்து மேசையில் விரிக்கும்போது கன்னத்தில் தண்ணீர் காய்ந்த கறைபோல ஒரு திட்டு. இப்படி ஒரு படம் என்னிடம் திரும்பி வந்தது. என் திரையில் அந்தத் திட்டு இல்லை என்று சாதிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஃபோட்டோஷாப்பில் கோப்பைத் திறந்து, படத்தை 33 சதவீத அளவில் வைத்து, நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பார்த்தேன். இருந்தது. லேசாக, ஆனால் இருந்தது. மூன்று மணி நேரம் அதே முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அது பழகிப்போய்விட்டது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எந்த முகத்தையும் ஒரு சோதனை லேயர் போட்டுப் பார்க்காமல் அனுப்புவதில்லை. லேயர் என்று ஒருமையில் சொல்கிறேனே தவிர, உண்மையில் அது இரண்டு லேயர். எல்லாவற்றுக்கும் மேலே கறுப்பு நிறத்தில் ஒரு சாலிட் கலர் லேயர், அதன் பிளெண்ட் மோடு Color. படம் கறுப்பாகிவிடாது, நிறம் மட்டும் போய் வெளிச்ச அளவு மட்டும் சாம்பலாக நிற்கும். அதற்கு மேல் ஒரு கர்வ்ஸ் லேயர். வேலையைச் செய்வது இந்தக் கர்வ்ஸ்தான், அதை ஏனோதானோ என்று செங்குத்தாக இழுத்து விட்டால் பாதிப் பயன்தான் கிடைக்கும்.

இந்தப் படத்தில் கன்னத்தின் வெளிச்சம் 0 முதல் 255 வரையிலான அளவில் 170 பக்கத்தில் இருந்தது. அதனால் கர்வ்ஸின் கறுப்பு முனையை 120க்கும் வெள்ளை முனையை 220க்கும் நகர்த்தினேன். நூறு படிகளுக்குள் இருந்த வேறுபாடு முழு 255க்கும் இழுபட்டு விடுகிறது, அதாவது சுமார் இரண்டரை மடங்கு. கண்ணுக்கே படாத ஆறு படி வித்தியாசம் பதினைந்து படியாகத் தெரியும். ஆனால் 120க்குக் கீழே இருப்பதெல்லாம் வெறும் கறுப்பு, 220க்கு மேலே இருப்பதெல்லாம் வெறும் வெள்ளை, அங்கே திட்டு இருந்தாலும் இந்த லேயர் காட்டாது. நெற்றியில் விளக்கு பட்டுப் பளபளக்கிற இடத்தைப் பார்க்க முனைகளை 170, 250 என்று மாற்ற வேண்டும். கறுத்த தோல் என்றால் இரண்டு முனைகளும் நன்றாகக் கீழே இறங்கும். யாரோ கொடுத்த ரெடிமேட் கர்வ்ஸை அப்படியே எல்லா முகத்துக்கும் போட்டுவிட்டு ‘சுத்தமா இருக்கு’ என்று சொல்பவர்கள் பல நேரம் வெட்டுப்பட்ட வெள்ளையைத்தான் சுத்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படி நினைத்தவன்தான்.

சரி, அந்தக் கன்னத்துக்கு வருவோம். சோதனை லேயரைப் போட்டதும் கண்ணுக்குக் கீழே, கன்ன எலும்புக்கு வெளிப்பக்கமாக, பெருவிரல் ரேகைபோல ஒரு சாம்பல் திட்டு தெரிந்தது. அதையடுத்துச் சற்றே சிறிதாக இன்னொன்று. லேயரை அணைத்து ஐட்ராப்பரில் படித்தேன். பக்கத்தில் இருந்த நல்ல தோல் சிவப்பு 205, பச்சை 160, நீலம் 138. திட்டின் நடுவில் 207, 150, 134. பச்சை பத்து படி குறைவு. வெளிச்ச அளவில் கண்ணுக்கு அதிகம் கணக்காவது பச்சைதான் என்பதால் மொத்தத்தில் ஆறு படி இருண்டு நிற்கிறது.

இருண்ட இடத்தை வெளிச்சமாக்கும் டாட்ஜ் கர்வ்ஸை எடுத்தேன். நடுப்புள்ளியை லேசாக மேலே தூக்கிய கர்வ்ஸ், கறுப்பு மாஸ்க், வெள்ளை பிரஷ், ஃப்ளோ 2 சதவீதம், பிரஷின் அளவு திட்டைவிடக் கொஞ்சம் சின்னது. சோதனை லேயரைப் போட்டபடியே தீற்றினேன். ஏழெட்டுத் தீற்றலில் சாம்பல் திட்டு கரைந்து பக்கத்துத் தோலோடு கலந்துவிட்டது. இந்த இடத்தில் வரும் திருப்தி இருக்கிறதே, அது மோசமானது. லேயரை அணைத்தேன். திட்டு அங்கேயே இருந்தது.

கையில் ஏதோ தவறு என்று நினைத்து மறுபடி லேயரைப் போட்டேன், சுத்தமாக இருந்தது. அணைத்தால் திட்டு. இப்படி நாலைந்து முறை. அப்புறம்தான் மீண்டும் ஐட்ராப்பரை வைத்துப் பார்த்தேன்: 212, 157, 140. இதன் வெளிச்ச அளவைக் கணக்கிட்டால் 171 சொச்சம், பக்கத்துத் தோலும் 171தான். வெளிச்சத்தில் வித்தியாசமே இல்லை. ஆனால் சிவப்பு ஏழு படி கூடுதல், பச்சை மூன்று படி குறைவு. அதாவது நான் இருட்டை எடுத்துவிட்டேன், செம்மையை எடுக்கவில்லை. நிறத்தைக் கழித்துக் காட்டும் லேயரில் நிறத் திட்டு எப்படித் தெரியும்? ஒரே இடத்தில் இரண்டு குறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன, நான் ஒன்றை மட்டும் தேடிக்கொண்டிருந்தேன்.

நிறத்துக்கென்று தனியாக ஒரு சோதனை உண்டு, முதலாவதைத் தலைகீழாகப் போட்டதுபோல. 50 சதவீதச் சாம்பல் நிறத்தில் ஒரு சாலிட் கலர் லேயர், பிளெண்ட் மோடு Luminosity. இப்போது வெளிச்ச வித்தியாசம் முழுக்கப் போய், முகம் நிறம் மட்டும் உள்ள தட்டையான வரைபடம்போல ஆகிவிடும், மூக்கு எங்கே கன்னம் எங்கே என்று கண்டுபிடிக்கவே ஒரு நொடி ஆகும். அதற்கு மேல் Hue/Saturation வைத்து சாச்சுரேஷனை 60, 70க்கு ஏற்றினால் சிவந்த இடம் எல்லாம் எரிகிற மாதிரி எழுந்து நிற்கும். என் கன்னத் திட்டு அதில் தெள்ளத்தெளிவாகத் தெரிந்தது. மூக்கு நுனியும் உதட்டோரமும்கூடத் தெரிந்தன, ஆனால் அவை இயல்பாகவே சிவப்பாக இருக்கும் இடங்கள், தொடவில்லை.

இதைச் சரிசெய்ய டாட்ஜ் உதவாது. தொடர்ந்து டாட்ஜ் செய்தால் வெளிறிய செம்மைதான் கிடைக்கும். வெறும் லேயர் ஒன்றை எடுத்து, அதன் பிளெண்ட் மோடை Color ஆக்கி, திட்டுக்கு ஒட்டிய நல்ல தோலில் இருந்து நிறத்தை எடுத்து, ஃப்ளோ 3 சதவீதத்தில் மெல்லத் தடவினேன். ‘ஒட்டிய’ என்பது முக்கியம். நெற்றியின் நிறத்தை எடுத்து வந்து கன்னத்தில் தடவினால் கன்னம் நோய்வாய்ப்பட்டதுபோல மஞ்சளாகிவிடும். இந்த லேயர் வெளிச்சத்தைத் தொடாது என்பதால் முன்பு சமன் செய்தது அப்படியே நின்றது. கடைசியில் திட்டின் நடுவில் 206, 160, 139. போதும்.

நிறத்தை எடுக்கும் முன் சோதனை லேயர்களை அணைத்தாக வேண்டும். ஐட்ராப்பர் வழக்கமாகத் திரையில் தெரிவதைத்தான் படிக்கும், லேயர் எரிந்துகொண்டிருந்தால் எரிகிற சிவப்பையே எடுத்துத் தரும். இதைவிடப் பொல்லாதது ஓர் இடத்தின் பிக்சலை எடுத்து இன்னோர் இடத்தில் பதிக்கும் குளோன் ஸ்டாம்ப். ஒருமுறை சோதனை லேயர் போட்டிருந்தபோதே நெற்றியில் ஒரு பொட்டுத் தழும்பு கண்ணில் பட்டது, இதையும் எடுத்துவிடுவோம் என்று ஸ்டாம்பை வைத்தேன், சாம்பிள் அமைப்பு All Layers இல் இருந்தது. கன்னம்போல நடுத்தர வெளிச்சம் உள்ள இடமாக இருந்திருந்தால் உடனே அகப்பட்டிருப்பேன். அங்கே சோதனைக் கர்வ்ஸ் மாற்றிய சாம்பல் புதுப் பிக்சலாகப் பதிந்து, மேலிருக்கும் அதே கர்வ்ஸ் அதை இரண்டாம் முறை இழுத்து, தொட்ட இடம் கறுப்பாகிவிடும். நெற்றியிலோ கர்வ்ஸ் எல்லாவற்றையும் வெள்ளையாக வெட்டியிருந்தது. வெள்ளையை எடுத்து வெள்ளையில் வைத்தேன், ஒன்றும் தெரியவில்லை. நான்கைந்து இடத்தில் வைத்துவிட்டேன். லேயரை அணைத்தபோது நெற்றியில் சுண்ணாம்புப் பொட்டு தெளித்ததுபோல இருந்தது. இப்போது சாம்பிளை Current & Below இல் வைத்துவிட்டு அதை மாற்றுவதே இல்லை. சோதனை லேயர்கள் எப்போதும் உச்சியில் இருப்பதால் அவை சாம்பிளுக்குள் வராது.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் எனக்கு அதிக நாள் ஆனது. இரண்டரை மடங்கு பெருக்கிப் பார்த்தால் எந்தத் தோலும் மேடுபள்ளமாகத்தான் தெரியும். ஆரம்பத்தில் சோதனைப் படமே வழவழவென்று ஆகும்வரை தீற்றுவேன். கன்ன எலும்புக்குக் கீழே இயல்பாக விழும் நிழலும் அதோடு சேர்ந்து போய்விடும், அணைத்துப் பார்த்தால் முகம் தட்டு மாதிரி இருக்கும். எந்த இருட்டு முகத்தின் வடிவத்தால் வருகிறது, எந்த இருட்டு அதற்குச் சம்பந்தமில்லாமல் கிடக்கிறது என்று பிரிக்க எனக்கு உதவுவது ஒன்றுதான்: விளக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று பார்ப்பது. வடிவத்தின் நிழல் விளக்குக்கு எதிர்ப்பக்கம் ஒரே சீராக இறங்கும். திட்டு அந்த இறக்கத்தின் குறுக்கே நிற்கும். குறுக்கே நிற்பதை மட்டும் தொடுகிறேன், அதுவும் சோதனை லேயரில் பாதி குறைந்ததும் அணைத்துப் பார்க்கிறேன். பெரும்பாலும் அதற்குள்ளேயே வேலை முடிந்திருக்கும். லேயர் இடத்தைக் காட்டித் தரட்டும், போதுமா இல்லையா என்பதை அதை அணைத்த படம் சொல்லட்டும்.

இன்னொன்று, 8 பிட் கோப்பில் இந்தச் சோதனை இல்லாத பூதத்தையும் காட்டும். மென்மையான பின்னணியிலோ கழுத்தின் சரிவிலோ படிப்படியாகக் கோடுகள் தெரியும், அவை தோலில் இல்லை, படிகள் போதாமல் வருபவை. JPEG ஆக வந்த படம் என்றால் சின்னச் சின்னச் சதுரங்களும் சேர்ந்துகொள்ளும். அவற்றைத் துரத்தி ஒரு மாலைப் பொழுதையே வீணடித்திருக்கிறேன். முடிந்தவரை 16 பிட்டில் வேலை செய்கிறேன். JPEG மட்டும்தான் கிடைத்தது என்றால் கர்வ்ஸின் முனைகளைக் கொஞ்சம் அகல வைத்துவிடுகிறேன்.

இப்போது நான்கு லேயர்களையும் இரண்டு குழுக்களாக்கி, குழுவுக்கு ஓர் ஆக்‌ஷனில் பதிந்து F5, F6 விசைகளில் வைத்திருக்கிறேன். குழுவின் பெயர் ‘அழி’, லேயர் பட்டியலில் சிவப்பு வண்ணம் வேறு. அனுப்பும் முன் அணைத்தால் போதாதா என்று கேட்பார்கள், எனக்குப் போதாது. அணைத்ததாக நினைத்துக்கொண்டு எரிகிற முகத்தையே ஏற்றுமதி செய்து அனுப்பி, ‘இது புது ஸ்டைலா?’ என்று பதில் வாங்கியவன் நான்.

அந்தக் கன்னப் படம் திருத்தி அனுப்பியபின் மறுபடி அச்சாகி வந்தது. கன்னம் சரியாக இருந்தது. ஓரத்தில் பேனாவால் ஒரு வட்டம், அருகே ‘காது?’ என்று எழுதியிருந்தது. கோப்பைத் திறந்து F6 அழுத்தினேன். முகம் சீராக இருந்தது, கூந்தலுக்கு வெளியே எட்டிப் பார்த்த காது மடல் மட்டும் தக்காளிபோல எரிந்தது. நிறச் சோதனையின்போது கன்னத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் முடித்திருக்கிறேன், காது திரைக்குள்ளேயே வரவில்லை.