பொருள்: தயாரிப்பு விடுப்பு வேண்டி

எங்கள் கல்லூரிப் பிரின்சிபால் இறந்துபோய்விட்டார் என்று குழுவில் செய்தி வந்த அன்று இங்கே மெல்போர்னில் மழை. அவரைப் பற்றி இந்த மலருக்கு எழுதச் சொன்னபோது முதலில் மறுத்தேன். அவரோடு நான் தனியாகப் பேசியது மொத்தம் மூன்று தடவை. அதில் முதல் தடவையை என்னைவிட என் வகுப்பினர் நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் என்னைக் 'கேட் காய்ச்சல்' என்று கூப்பிடுகிறவர்கள் இந்த முன்னாள் மாணவர் சங்கத்தில் குறைந்தது நாலு பேர் உண்டு. நாலு பேருமே ஓய்வு வயதை நெருங்குகிறார்கள், திருந்துவதாக இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம், இறுதியாண்டு. எம்.டெக். சேர கேட் எழுத வேண்டும். பிப்ரவரி 9, ஞாயிறு அன்று தேர்வு. பொங்கல் நெருங்கிவிட்டது, நான் கணிதப் பகுதியையே இன்னும் முடிக்கவில்லை. மூன்று மணி நேரத் தேர்வில், விடையைக் குறிக்கிற பகுதியும் உண்டு, கணக்குப் போட்டுக் காட்டுகிற பகுதியும் உண்டு. செமஸ்டருக்குப் படிப்பதுபோல் கடைசி மூன்று இரவுகளில் இதற்குப் படிக்க முடியாது. இரண்டாம் வருடம் எழுதி மறந்துபோன தெர்மோடைனமிக்ஸையும் பொருள் வலிமையையும் மறுபடி கையால் போட்டுப் பழக வேண்டும். எனவே ஒரு மாதம் லீவு கேட்டுக் கடிதம் எழுதினேன்.

நம் தலைமுறைக்கு லீவு லெட்டர் என்றால் ஒன்றே ஒன்றுதான். ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது. 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கி 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி'யில் முடியும். அதில் காய்ச்சலை எடுத்துவிட்டுத் தேர்வைப் போட்டேன். மற்றதை அப்படியே விட்டுவிட்டேன். டியூட்டரிடமோ எச்.ஓ.டி.யிடமோ காட்டாமல் நேராகப் பியூனிடம் கொடுத்தேன். எச்.ஓ.டி. மறுத்துவிடுவார் என்ற பயம்.

மறுநாள் இரண்டாவது பீரியடில் ஆள் வந்தது. பிரின்சிபால் அறையில் இரண்டு துறைத் தலைவர்கள், தலைமை எழுத்தர், மகனுக்கு ஹாஸ்டல் கேட்டு வந்த ஒரு தகப்பனார். பிரின்சிபால் கடிதத்தை என்னிடமே நீட்டி, "சத்தமாப் படிப்பா" என்றார். படித்தேன். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் கேட் எக்ஸாமினேஷன்" என்று என் வாயாலேயே கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. தலைமை எழுத்தர் பேரேட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஹாஸ்டல் கேட்டு வந்தவர் மட்டும் உண்மையான கவலையோடு என்னைப் பார்த்தார். ஏதோ புது வியாதி என்று நினைத்திருப்பார் போல.

பிரின்சிபால் சிரிக்கவில்லை. அதுதான் மோசம். சிவப்புப் பென்சிலை எடுத்து 'ஒன் மன்த்' என்ற இடத்தைச் சுழித்தார். "ஒரு மாசம்னா எத்தனை வேலை நாள்?" எனக்குத் தெரியவில்லை. "அம்மை போட்டுப் படுத்தியே, அது எத்தனை நாள்?" ஏழு. "செமஸ்டருக்கு மொத்தம் எத்தனை வேலை நாள்?" தொண்ணூறு.

அப்புறம் மேசைக் காலண்டரைத் தன் பக்கம் திருப்பினார். அந்தப் பென்சில் தேதி தேதியாகப் போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் கேட்டது ஜனவரி 10 முதல் பிப்ரவரி 9 வரை, 31 நாள். சனி, ஞாயிறை அடித்தார். பொங்கல் மூன்று நாளை அடித்தார். 26 ஞாயிற்றில் வந்ததால் அதில் லாபமில்லை. மிச்சம் 18 வேலை நாள். எழுபத்தைந்து சதவீத வருகைக்கு 68 நாள் வர வேண்டும், ஆக 22 நாள்தான் தவறலாம். அம்மைக்கு 7, இதற்கு 18, மொத்தம் 25. "மூணு நாள் கூட. கேட்டை எழுதிட்டு வந்து செமஸ்டர் எழுத முடியாம நிக்கப் போறியா? டிகிரி இல்லாதவனுக்கு எந்த ஐ.ஐ.டி. சீட்டுக் கொடுக்கும்?"

அம்மைக்கு மருத்துவச் சான்றிதழ் கொடுத்து விலக்குக் கேட்கலாமே என்று முனகினேன். விலக்கு என்பது வியாதிக்காரனுக்கு உள்ளது, அதை நம்பி லீவுக்குத் திட்டம் போடக் கூடாது என்றார். "பொங்கலுக்கு முன்னால ரெண்டு நாள், பின்னால ஒரு நாள் வந்துடு. 20ஆம் தேதியிலிருந்து எடுத்துக்க." ஜனவரி 20 முதல் பிப்ரவரி 7 வரை சரியாக 15 வேலை நாள். ஏழும் பதினைந்தும் இருபத்திரண்டு. "இதுக்கு மேல காய்ச்சல் வந்தாலும் காலேஜுக்கு வந்துதான் படுக்கணும்."

வேறு கடிதம் எழுதச் சொன்னார், அங்கேயே நின்றபடி. அவர் கேட்கக் கேட்க நான் எழுதினேன். எந்தத் தேர்வு, என்று, எந்த ஊர் மையம். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, அதில் எத்தனை வேலை நாள். இதுவரை தவறியது எத்தனை, இதையும் சேர்த்தால் சதவீதம் என்ன ஆகும். வாரத்துக்கு இரண்டு லேப், மூன்று வாரத்தில் ஆறு போகும், அந்த ஆறையும் எந்தச் சனிக்கிழமைகளில் செய்து முடிப்பேன். ஹால் டிக்கெட் இன்னும் வந்திருக்கவில்லை. விண்ணப்பம் அனுப்பிய பதிவுத் தபால் ரசீதின் நகலை இணைக்கச் சொன்னார், ஹால் டிக்கெட் வந்ததும் அலுவலகத்தில் காட்ட வேண்டும். டியூட்டரும் எச்.ஓ.டி.யும் பரிந்துரைத்துக் கையெழுத்திட வேண்டும். ஒரு நகல் வார்டனுக்கு. எனக்கு அது தோன்றியே இருக்காது. வேலை நாளில் காலை ஒன்பதுக்கு மேல் அறையில் இருந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று முடித்திருந்தேன். அதை அடித்தார். "என்ன செய்யணும்னு நீதானே சொல்லணும்? பதினஞ்சு நாள் லீவு வேணும்னு கேளு, முடிஞ்சது."

எச்.ஓ.டி. ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டார். மூன்று லேப் சனிக்கிழமைகளில் அவரே வந்து உட்கார்ந்தார்.

தேர்வு முடிவு வந்ததும் போய்ச் சொன்னேன். அது இரண்டாவது தடவை. ரேங்க் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். மூன்றாவது தடவை டி.சி. வாங்கப் போனபோது. "எம்.டெக். முடிச்சுட்டு இங்க வந்துடு. உன் டிபார்ட்மென்ட்ல ரெண்டு போஸ்ட் காலியாவே கெடக்கு" என்றார். "சரி சார்" என்றேன். ஒரு பேச்சுக்குச் சொன்னது என்று நான் எடுத்துக்கொண்டேன். அவர் எதையும் பேச்சுக்குச் சொல்கிறவர் அல்ல என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். எம்.டெக். முடிந்தது, கம்பெனி வந்தது, விமானம் வந்தது. நடுவில் அவருக்கு ஒரு கடிதம் எழுதவில்லை. எழுதியிருந்தால் வராத காரணத்தைச் சொல்ல வேண்டும். மொட்டையான காரணத்தை அவர் சிவப்பில் சுழிப்பார்.

இங்கே லீவுக்குத் திரையில்தான் கேட்க வேண்டும். தேதிகளைப் போட்டால் வேலை நாளை அதுவே எண்ணிக் காட்டுகிறது. செய்தி வந்த அன்று திறந்தேன். சாவுக்கான லீவு பட்டியலில் மனைவி, பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தோர் என்று ஓடியது. வருட விடுப்பில் கேட்கலாம் என்று அதைத் தொட்டேன். காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே, நாலு மணிக்கு எடுத்துவிடுகிறார்கள் என்று குழுவில் அடுத்த செய்தி வந்தது.