பூஜ்யத்தையும் எழுதி வையுங்கள்: கோடிங் சுற்றில் மெமோ எனக்குக் கைகொடுத்த விதம்

பிளேஸ்மென்ட் முடிவு வந்துவிட்டது. கோடிங் சுற்றும் தாண்டி, நேர்காணலும் தாண்டி, வேலை உறுதி. மதுரைப் பக்கத்துக் கல்லூரிகளில் அடுத்து எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்காக, சூடு ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். ஆப்டிட்யூட் பகுதி, பிரிவுவாரி நேரம் எல்லாம் உங்களுக்கே அத்துப்படி, அதற்குள் போகவில்லை. கோடிங் கேள்விகளில் ஆளைப் பிரித்தது ஒன்றே ஒன்றுதான். அதைப் பற்றி மட்டும் முழுசாகச் சொல்கிறேன்.

கேள்வி பழசுதான். கட்டம் கட்டமாக ஒரு மேப். சில கட்டங்களில் `#` இருந்தால் அடைப்பு. இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குப் போக வேண்டும். கீழே அல்லது வலப்பக்கம் மட்டும் நகரலாம். மொத்தம் எத்தனை வழி? கட்டம் 16-க்கு 16 வரை வரலாம்.

ரிகர்ஷனில் இதை எழுத யாருக்கும் கஷ்டமில்லை. இந்தக் கட்டத்திலிருந்து உள்ள வழிகள் = கீழே உள்ள கட்டத்திலிருந்து உள்ள வழிகள் + வலப்பக்கக் கட்டத்திலிருந்து உள்ள வழிகள். எழுதி ஓட்டினால் கேள்வியில் கொடுத்த சின்ன உதாரணத்துக்குச் சரியான விடை வரும். ஆனால் அடைப்பே இல்லாத 16-க்கு 16 கட்டத்தில் பைத்தானில் ஓடவிட்டால் நிமிடக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வழிகள் மட்டுமே 15,51,17,520. ஃபங்ஷன் அழைக்கப்படுவது ஏறக்குறைய 89 கோடித் தடவை.

இத்தனை வேலையும் எங்கே போகிறது என்பதை ஒரே கட்டத்தை வைத்துப் பாருங்கள். கடைசிக் கட்டத்துக்கு மூலைவிட்டத்தில் ஒரு படி முன்னால் இருப்பது (14, 14). அங்கிருந்து முடிவுக்கு இரண்டே வழி: கீழே போய் வலது, அல்லது வலது போய் கீழே. பார்த்தவுடன் சொல்லிவிடலாம். ஆனால் மேலிருந்து அந்தக் கட்டத்துக்கு வந்துசேர 4,01,16,600 வழிகள் இருக்கின்றன. ஆக, "இரண்டு" என்ற அதே விடையை ஃபங்ஷன் நாலு கோடித் தடவை புதுசு புதுசாகக் கண்டுபிடிக்கிறது. மெமோ செய்வது இவ்வளவுதான்: முதல் தடவை கண்டுபிடித்ததை எழுதி வை, அடுத்த தடவை எழுதியதைப் பார்த்துச் சொல்.

```python
memo = {}

def f(r, c):
    if r == n or c == m or g[r][c] == '#':
        return 0
    if r == n-1 and c == m-1:
        return 1
    if (r, c) in memo:
        return memo[(r, c)]
    memo[(r, c)] = f(r+1, c) + f(r, c+1)
    return memo[(r, c)]
```

இப்போது 16-க்கு 16 திறந்த கட்டத்தில் மொத்த அழைப்பு 511. கடைசிக் கட்டத்தை விட்டால் 255 கட்டம். ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவை கணக்குப் போட்டு இரண்டு அழைப்பு விடுகிறது. அதோடு முதல் அழைப்பு ஒன்று. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

இதோடு முடிந்தது என்றுதான் எங்கள் ஹாலில் பலரும் நினைத்தார்கள். வெளியே வந்து பேசிப் பார்த்ததில், மெமோ தெரியாமல் விட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். மெமோ போட்டும் ஒரு மறைவு டெஸ்ட் கேஸில் டைம் லிமிட் வாங்கியவர்கள்தான் நிறைய. அது எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. என்னைவிட நன்றாக கோடு எழுதுகிறவர்கள் அதில் இருந்தார்கள்.

காரணம் ஒரே வரி. `if (r, c) in memo` என்று எழுதாமல் இப்படி எழுதியிருந்தார்கள்:

```python
    if memo.get((r, c)):
        return memo[(r, c)]
```

பார்த்தால் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் பைத்தானில் `if 0` என்றால் பொய். ஒரு கட்டத்திலிருந்து வழியே இல்லை என்றால் விடை 0. அந்த 0 டிக்ஷனரியில் பத்திரமாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் பார்க்க வரும்போது "இன்னும் கணக்குப் போடவில்லை" என்று நினைத்து ஃபங்ஷன் மறுபடி ஆரம்பத்திலிருந்து போடும். `[[0]*m for _ in range(n)]` என்று பூஜ்யம் நிரப்பிய அட்டவணையை வைத்து `if memo[r][c]` என்று சோதித்தாலும் இதே கதைதான். சி, ஜாவா எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் சுலபமாக நேரும். சியில் வெளியே அறிவித்த அரே, ஜாவாவில் `new int[n][m]` இரண்டும் தானாகவே பூஜ்யத்தோடுதான் வரும். அங்கே தொடக்கத்தில் -1 நிரப்பிவிட்டு, -1 தானா என்று சோதியுங்கள்.

இதில் பொல்லாத விஷயம் என்னவென்றால், விடை ஒருபோதும் தப்பாக வராது. வேகம் மட்டும்தான் போகும். அதுவும் பூஜ்யம் நிறைய வரும் மேப்பில் மட்டும். முடிவுக் கட்டத்தின் மேலே உள்ளதையும் இடப்பக்கம் உள்ளதையும் அடைத்துவிடுங்கள், அதாவது (14, 15), (15, 14) இரண்டிலும் `#`. இப்போது எந்தக் கட்டத்திலிருந்தும் வழி கிடையாது, எல்லா விடையும் 0. தப்பான சோதனை உள்ள மெமோ ஒரு விடையைக்கூடப் பயன்படுத்தாது. அழைப்பு 58 கோடியைத் தொடும். `in memo` வைத்தால் அதே மேப்பில் 507 அழைப்பு. கேள்வி எடுத்தவர்கள் இந்த மேப்பை மறைவு கேஸில் வைக்காமல் விட மாட்டார்கள். நான் சமர்ப்பிக்கும் முன் முடிவை அடைத்த ஒரு மேப்பைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். எனக்கு எல்லா கேஸும் பச்சையாக வந்ததற்கு அந்த ஒரு ஓட்டம்தான் காரணம் என்று நம்புகிறேன்.

அந்தப் பழக்கம் எனக்கு வந்தது, உசிலம்பட்டிக்காரரான ஒரு சீனியர் அக்காவிடமிருந்து. விடுமுறை நாட்களில் நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் நாங்கள் சேர்ந்து உட்காருவோம். என் வகுப்புத் தோழன் ஒருவன் இதே மாதிரி கணக்கை வேறு விதமாக எழுதிக் காட்டினான். முடிவுக் கட்டத்துக்கு வந்ததும் `count += 1`, அப்புறம் வெறும் `return`. விடை `count` என்ற குளோபலில் சேரும். "இதுல மெமோ எங்கக்கா போடுறது?" என்று கேட்டான். அக்கா கோடைப் படித்துவிட்டு, "உன் ஃபங்ஷன் எதையாச்சும் திருப்பித் தருதாடா? தராத ஒண்ணை எங்க எழுதி வைப்ப?" என்றார்.

அவன் விடாமல், போன கட்டங்களைக் குறித்து வைத்து மறுபடி வந்தால் திரும்பிவிடலாம் என்று மாற்றினான். மூன்றுக்கு மூன்று திறந்த கட்டத்தில் 6 வர வேண்டிய இடத்தில் 2 வந்தது. ஏனென்றால் இரண்டாம் தடவை வருகிறவனுக்கும் அங்கிருந்து எத்தனை வழி என்ற எண் வேண்டும். "ஏற்கெனவே வந்தாச்சு" என்ற தகவல் அவனுக்கு எதற்கு? எண்ணிக்கையைக் குளோபலில் சேர்க்காமல் `return` வழியாகத் திருப்பிக் கொடுக்கும்படி எழுதினால்தான் மெமோ உட்கார இடம் கிடைக்கும். "இங்கே வரும்வரை சேர்த்தது எவ்வளவு" என்பதை ஆர்கியுமென்டாகச் சுமந்துகொண்டு போகும் ஃபங்ஷனையும் இதே போல "இங்கிருந்து இன்னும் எவ்வளவு" என்று திருப்பிப் போடுங்கள். இல்லையென்றால் ஒரே கட்டத்துக்கே சேர்த்த தொகை மாற மாற வேறு வேறு கீ உருவாகி, டிக்ஷனரி பெருத்துப்போகும், எதுவும் திரும்பப் பயன்படாது.

அக்கா அன்றைக்குச் சொல்லித் தந்த இன்னொன்று: ஃபங்ஷனுக்கு வெளியே `calls = 0`, உள்ளே முதல் இரண்டு வரிகளாக `global calls`, `calls += 1`. கடிகாரத்தைப் பார்க்காதே, அழைப்பை எண்ணு என்பார். லேப் கம்ப்யூட்டர் ஒரு வேகம், தேர்வு சர்வர் ஒரு வேகம், ஆனால் அழைப்பு எண்ணிக்கை எங்கேயும் ஒன்றுதான். நான் நிதானமாகச் சரிபார்க்கிற ஆள், எனக்கு இது ரொம்பப் பொருந்திப்போனது. வேகமாக எழுதித் தள்ளுகிறவர்களும் இதை மட்டும் விடாதீர்கள்.

சோதிக்கும் வரிசை:

- திறந்த மேப், பக்கம் 10. மெமோ இல்லாமல் 2,72,271 அழைப்பு. மெமோவோடு 199.
- பக்கம் 11. மெமோ இல்லாமல் 10,41,351. பக்கம் ஒன்று கூடினால் கிட்டத்தட்ட நாலு மடங்கு. மெமோ போட்ட பிறகும் இப்படி ஏறினால் மெமோ வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.
- முடிவை அடைத்த மேப். விடை 0. அழைப்பு, கட்டங்களின் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்குக்குள் இருக்க வேண்டும்.
- ஒரே ஓட்டத்தில் இரண்டு மேப் தரும் கேள்வி என்றால், அடுத்ததைப் படிக்கும் முன் `memo.clear()`. இல்லையென்றால் முதல் மேப்பின் விடையே இரண்டாவதற்கும் வரும்.
- சமர்ப்பிக்கும் முன் `calls` வரிகளை எடுத்துவிடுங்கள்.

`lru_cache` பயன்படுத்துகிறவர்களுக்குப் பூஜ்யப் பிரச்சினை வராது. அது விடை 0 ஆனாலும் நினைவில் வைக்கும். ஆனால் வெறும் `@lru_cache` 128 விடைகளைத்தான் வைத்துக்கொள்ளும், அதற்கு மேல் பழையதைக் கழித்துவிடும். அகலமான மேப்பில் அது வேகத்தைக் கெடுக்கும். `@lru_cache(maxsize=None)` என்று எழுதுங்கள், பைத்தான் 3.9 முதல் `@cache` என்றாலே போதும். அப்புறம் பைத்தானின் ரிகர்ஷன் ஆழம் சாதாரணமாக 1000. 600-க்கு 600 மேப் வந்தால் மெமோ சரியாக இருந்தாலும் `RecursionError` வரும், ஏனென்றால் முதல் இறக்கமே 1,199 படி. அவ்வளவு பெரிய மேப்பில் நான் ரிகர்ஷனை விட்டுவிட்டு, கடைசி வரிசையிலிருந்து மேல்நோக்கி லூப்பில் நிரப்புவேன்.

நேர்காணலில் இதே கேள்வியை எடுத்து வைத்து இரண்டு மாற்றம் கேட்டார்கள். முதலாவது: அதிகபட்சம் k அடைப்புகளை உடைத்துப் போகலாம் என்றால்? கீயில் மீதமுள்ள k-யும் சேர வேண்டும், `f(r, c, k)` என்றேன். ஒரே கட்டத்துக்கு ஒரு உடைப்பு மிச்சம் இருப்பவனும் எதுவும் மிச்சம் இல்லாதவனும் வந்தால் இருவருக்கும் விடை வேறு.

இரண்டாவது: நாலு திசையிலும் நகரலாம், ஆனால் போன கட்டத்துக்குத் திரும்பப் போகக் கூடாது என்றால்? அங்கே `(r, c)` மெமோ தப்பான விடை தரும் என்று சொன்னேன். ஒரே கட்டத்துக்கு இரண்டு பேர் வேறு வேறு பாதையில் வந்தால், ஒருவனுக்கு மேலே உள்ள கட்டம் திறந்திருக்கும், இன்னொருவன் அதை ஏற்கெனவே மிதித்திருப்பான். ஆக விடை, வந்த பாதையையே பொறுத்தது; கீயில் மிதித்த கட்டங்களின் முழுப் பட்டியலும் வர வேண்டும். அப்படி வைத்தால் கீகளே கோடிக்கணக்கில் போய்விடும், ஒரே கீ திரும்ப வருவதும் குறைந்துவிடும். "அப்ப என்ன செய்வீங்க?" என்று கேட்டார்கள். மேப் சின்னது என்றால் மெமோ இல்லாமலே முழுக்கத் தேடுவேன், 16-க்கு 16 என்றால் இந்த வழியில் முடியாது என்றேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.