பிராம்ப்டரைப் பார்த்துப் பேசினாலும் பேச்சு பேச்சாகவே இருக்க

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே போய் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளம். ஆனால் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமெல்லாம் வீட்டிலும் கடைவீதியிலும் நம்ம தமிழ்தான். அந்தப் பகுதியில் சின்னத் தொழில் செய்கிறவர்களுக்கு அறிமுக வீடியோ எடுத்துக் கொடுப்பது என் வேலை. எண்ணெய்ச் செக்கு, டியூஷன் சென்டர், நாற்றுப் பண்ணை என்று யார் வந்தாலும் கேட்பது ஒன்றுதான்: ஒரு நிமிடத்தில் நான் யார், என்ன செய்கிறேன் என்று சொல்லணும், மனப்பாடம் பண்ண நேரமில்லை, எழுதி வைத்துப் படித்தால் படிக்கிற மாதிரி தெரியக் கூடாது. அதற்குத்தான் பிராம்ப்டர், அதாவது பேச வேண்டியதைக் கேமராவுக்குப் பக்கத்தில் எழுத்தாக ஓட்டிக் காட்டுகிற திரை.

தமிழில் இது கொஞ்சம் கூடுதலாகவே சிரமம். எழுதுகிற தமிழ் வேறு, வாயில் வருகிற தமிழ் வேறு. திரையில் ‘நடத்தி வருகிறேன்’ என்று இருந்தால் அதைச் சத்தமாகச் சொல்கிற எவருக்கும் குரல் தானாகவே பள்ளிக்கூட மேடைக் குரலாகிவிடும். கேமராவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் எழுதி வைத்திருப்பதைச் சரி செய்யணும்.

தென்னை நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் ஒரு அண்ணன் கொண்டு வந்த தாளில் இப்படி இருந்தது: “எங்களிடம் நெட்டை, குட்டை மற்றும் ஒட்டு ரகத் தென்னங்கன்றுகள் தரமான முறையில் உற்பத்தி செய்யப்பட்டு விற்பனை செய்யப்படுகின்றன.” நான் தாளை மடக்கி வைத்துவிட்டு, “அண்ணா, தோட்டத்துக்கு ஒருத்தர் வந்து என்ன இருக்குன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?” என்றேன். மூச்சு விடாமல் சொன்னார், அதை போனில் பதிவு செய்துகொண்டேன். பதிவைக் கேட்டு எழுதி எடுத்ததுதான் பிராம்ப்டரில் போனது:

நாங்க தென்னம்பிள்ளை போடறோம்.
அப்பா காலத்துல இருந்தே
இதான் தொழில்.
நெட்டை இருக்கு, குட்டை இருக்கு,
ரெண்டையும் சேர்த்த ஒட்டும் இருக்கு.
தாய்மரத்தைப் பார்த்துட்டே
பிள்ளை எடுத்துக்கலாம்.

இதில் வரி எங்கே உடைகிறது என்பதைக் கவனியுங்கள். பிராம்ப்டர் ஆப் தன் போக்கில் வரியை மடித்தால் ‘ரெண்டையும்’ ஒரு வரியிலும் ‘சேர்த்த’ அடுத்த வரியிலும் போய் விழும், படிக்கிறவர் வரி முடிந்த இடத்தில் குரலை இறக்குவார். கேட்கிறவருக்கு அந்த இறக்கம்தான் ‘இவர் படிக்கிறார்’ என்று காட்டிக்கொடுக்கிறது. அதனால் மூச்சு விடுகிற இடத்தில் நாமே என்டர் தட்டி உடைத்துவிடணும். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் வரிக்கு மூன்று நான்கு சொல்லுக்கு மேல் வேண்டாம். வரி குறுகலாக இருந்தால் கண் இடமும் வலமும் ஓடாது, அதனால் இதில் இரட்டை லாபம். எண்களையும் எழுத்தில்தான் போடுவேன், ‘22’ என்று இருந்தால் சிலர் ஒரு நொடி தடுமாறுகிறார்கள், ‘இருபத்திரெண்டு வருஷமா’ என்று இருந்தால் அப்படியே சொல்லிவிடுகிறார்கள்.

அந்த அண்ணனிடம் இன்னொரு சிக்கல். படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்து தெரியும், ஆனால் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பார், அந்த வேகத்தில் எவ்வளவு நல்ல வரியும் செத்துவிடும். அதே பேச்சுத் தமிழை மலையாள எழுத்தில் அடித்துக் கொடுத்தோம். முகமே மாறிவிட்டது. எல்லைப் பக்கம் இது எனக்குப் பழகிவிட்டது, எழுத ஆரம்பிக்கும் முன்பே எந்த எழுத்து கண்ணுக்கு வேகமாக ஓடும் என்று கேட்டுவிடுகிறேன்.

பெயரையும் ஊரையும் திரையில் போடவே மாட்டேன். தன் பெயரை யாரும் பார்த்துச் சொல்வதில்லை, திரையில் இருந்தால் கண் அங்கே போகும், பெயரைக்கூடப் படிக்கிறார் என்று முதல் மூன்று நொடியிலேயே தெரிந்துவிடும். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் லென்ஸைப் பார்த்து வாய்க்கு வந்தபடி, நடுவில் இருப்பது மட்டும் திரையில்.

அடுத்து தூரம். போனைக் கையில் பிடித்து, முன் கேமராவில் எடுத்துக்கொண்டே அதே திரையில் படிப்பதுதான் பலரும் செய்வது. கை நீளம் அரை மீட்டர் என்றால், லென்ஸுக்கு 6 சென்டிமீட்டர் கீழே இருக்கிற எழுத்தைப் பார்க்கும்போது கண் தாழ்ந்திருப்பது பட்டென்று தெரியும். அதே போனை ஸ்டாண்டில் வைத்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அந்தத் தாழ்வு கிட்டத்தட்ட கால்வாசியாகிவிடும், யாருக்கும் தெரியாது. ஆனால் எழுத்தைப் பெரிதாக்கணும், அப்போது திரையில் நாலைந்து வரிதான் நிற்கும். வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர்களுக்கு அதுவும் எட்டாது. போன் நிமிர்ந்தே இருக்கட்டும், படுக்கையாகத் திருப்பினால் லென்ஸ் பக்கவாட்டுக்குப் போய் கண்ணும் ஒரு பக்கமாகவே நிற்கும். எந்த வாகானாலும், படிக்கிற வரி லென்ஸுக்கு ஒட்டினாற்போல இருக்கணும்.

எட்டாதவர்களுக்குக் கண்ணாடி பிராம்ப்டர். 45 டிகிரி சாய்த்த பாதிப் பிரதிபலிப்புக் கண்ணாடி, அதன் கீழே மல்லாக்க வைத்த டேப்லெட், அதில் இடவலம் மாற்றிய எழுத்து, கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் கேமரா. எழுத்து லென்ஸின் மேலேயே மிதப்பதால் கண் எங்கும் போகாது. வெளிச்சத்தில் ஒரு பங்கைக் கண்ணாடி தின்றுவிடும் என்பதால் முகத்துக்குக் கூடுதல் வெளிச்சம் வேண்டும். அதையே தோட்டத்து வெயிலில் தூக்கிப் போனால் எழுத்து வெளுத்துவிடுகிறது. தென்னந்தோப்பிலே ஷூட் என்றால் காலையிலேயே, நிழலில், பிராம்ப்டருக்கு மேலே ஒரு கறுப்புக் குடையோடு முடித்துவிடுவோம்.

இவ்வளவும் சரியாக இருந்தும் கெடுப்பது ஓட்டம். ஆப்பில் ஒரு வேகம் வைத்துவிட்டால் எழுத்து நிற்காமல் மேலே போகும், பேசுகிறவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற மாதிரி அதைத் துரத்துவார். கையை அசைக்கமாட்டார், கண் இமைக்கமாட்டார். அதனால் ரிமோட் எப்போதும் என்னுடைய தம்பி ஒருவன் கையில். அவன் திரையைவிட வாயைத்தான் கவனிப்பான், அவர் நிறுத்தினால் அவனும் நிறுத்துவான். “நீங்க எழுத்துக்காக ஓடாதீங்க, எழுத்து உங்களுக்காக நிக்கும்” என்று முதலிலேயே சொல்லிவிடுவோம், அதன் பிறகு தோள் இறங்குவது கண்ணாலேயே தெரியும். ஒரு நிமிட வீடியோவுக்கு நூறு சொல்லை நெருங்கவே வேண்டாம். எண்பது, தொண்ணூறு சொல்லோடு நிறுத்திவிட்டால் சிரிக்கவும் மூச்சு விடவும் இடம் கிடைக்கும்.

தனியாளாக எடுக்கிறவர்களுக்கு நான் ஓடுகிற எழுத்தே வேண்டாம் என்பேன். நிற்கிற திரையில் நான்கு குறிப்புச் சொற்கள் போதும்: அப்பா காலம், மூணு ரகம், தாய்மரம், வண்டி வசதி. வேலை இன்டர்வியூவில் லேப்டாப்பில் பேசும் பிள்ளைகளுக்கும் இதேதான், குறிப்பு ஜன்னலைக் குறுக்கி கேமராவுக்கு நேர் கீழே வைத்து, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து போடச் சொல்வேன். வெள்ளைப் பக்கம் என்றால் மூக்குக் கண்ணாடியில் ஜொலிக்கும்.

எடுத்து முடித்ததும் இரண்டு முறை பார்ப்போம். ஒரு முறை சத்தத்தை அணைத்துவிட்டு முகத்தை மட்டும்: கண் ஓடுகிறதா, தலை அசைகிறதா. இன்னொரு முறை திரையைத் திருப்பி வைத்துவிட்டுக் குரலை மட்டும். அந்த அண்ணனுடைய வீடியோவில் முகம் நன்றாக இருந்தது. குரலைத் தனியாகக் கேட்டபோது ஒட்டு ரகம் பற்றிய வரி மட்டும் தட்டையாக விழுந்தது. அந்த இடத்தில் திரையிலிருந்த இரண்டு வரியையும் எடுத்துவிட்டு ‘ஒட்டு’ என்ற ஒரே சொல்லை வைத்து மறுபடி எடுத்தோம். அவர் லென்ஸைப் பார்த்துக் கையில் ஒரு தென்னம்பிள்ளையைத் தூக்கிக் காட்டியபடியே சொன்னார். அதைத்தான் வைத்துக்கொண்டோம்.