காரைக்குடி பக்கத்துல தோட்டத்துக் காயை நேரடியா விக்க ஆர்டர் ஃபார்ம் போட்ட கதை

எங்க தோட்டம் காரைக்குடி பக்கத்துல, செம்மண், கிணத்துத் தண்ணி. வெண்டை, கத்தரி, கொத்தவரை, கொஞ்சம் கீரை. முன்னாடி எல்லாம் வாட்ஸ்அப்லதான் ஆர்டர், "தம்பி, மண்டி வைக்கணும், வெண்டை இருக்கா"ன்னு ஒரு ஆச்சி ராத்திரி ஒம்பது மணிக்கு கேப்பாங்க, யாருக்கு எவ்வளவு சொன்னோம்னு தேடுறதே பெரிய வேலை. அதான் சனிக்கிழமைக்கு மட்டும் ஒரு கூகுள் ஃபார்ம் போட்டேன்.

எவ்வளவு இருக்குன்னு போடுறதுலதான் நான் ரொம்ப யோசிச்சேன். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கணும், விட்டா முத்திடும், அதனால வியாழக்கிழமை பறிப்பு என்ன வந்துச்சோ அதுதான் சனிக்கிழமைக்குக் கணக்கு. பன்னெண்டு கிலோ வந்தா ஃபார்ம்ல பத்துதான் போடுவேன், மழை புழு எல்லாம் இருக்கு, ரெண்டு கிலோ கையில இருந்தாதான் சொன்ன வாக்கை காப்பாத்த முடியும்.

ஃபார்ம் தானா ஸ்டாக்கை குறைக்காது, இது நிறைய பேருக்குத் தெரியல. பத்து கிலோ முடிஞ்ச பிறகும் ஆர்டர் வாங்கிக்கிட்டே இருக்கும். பதில் வந்து விழுற ஷீட்டுல இன்னொரு டேப் திறந்து, வெண்டை அளவு D column-ல இருந்தா இதைப் போட்டா மிச்சம் தெரியும்:

```
=10-SUM('Form Responses 1'!D:D)
```

ஆப்ஷன்ல "2 கிலோ"ன்னு எழுதுனா ஷீட் அதை எழுத்தா எடுத்துக்கும், கூட்டாது, எத்தனை ஆர்டர் வந்தாலும் மிச்சம் பத்துலயே நிக்கும், அதுல இருந்தே கண்டுபிடிச்சிடலாம். ஆப்ஷன்ல வெறும் 1, 2ன்னு வச்சு கிலோங்கிறதை கேள்வியில எழுதுங்க. வாரம் முடிஞ்சதும் பழைய வரிகளை வேற டேப்புக்கு மாத்திட்டு இங்க அழிக்கணும், இல்லன்னா போன வாரத்தையும் சேத்துக் கழிச்சிடும். மிச்சம் ஒரு கிலோ ஆனா 2ங்கிற ஆப்ஷனை எடுத்துடுவேன், ரெண்டு பேர் ஒரே நேரத்துல அனுப்பினா அந்த ஒதுக்கி வச்ச ரெண்டு கிலோ காப்பாத்தும்.

அடுத்தது ஆர்டர் பண்ணவங்க வந்து பையை எடுக்குற நேரம். காலையில 7 முதல் 8.30, சாயங்காலம் 5 முதல் 6, காரைக்குடி செக்காலைல தெரிஞ்சவங்க வீட்டுத் திண்ணையில. கீரை விடியக்காலை பறிச்சது, சாயங்காலம் வரை நிக்காது, வாடிடும். அதனால முதல் கேள்வியே நேரம்தான். அந்தக் கேள்வியில Go to section based on answer ஆன் பண்ணி, காலைன்னு தொட்டா கீரை பகுதிக்குப் போய் அப்புறம் காய் பகுதி, சாயங்காலம்னா நேரா காய் பகுதி. காயை ரெண்டு பகுதியிலயும் தனித்தனியா வச்சா ஷீட்டுல ரெண்டு column ஆயிடும், கணக்கு சிதறிடும், ஒரே காய் பகுதிக்கு ரெண்டு வழியும் வந்து சேரணும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு ஃபார்மை மூடிடுவேன், அப்புறம் கேக்குறவங்களுக்கு அடுத்த வாரம்தான். மூடுனதும் ஷீட்டை நேர வாரியா பிரிச்சு பிரிண்ட் எடுத்து பையில பேர் எழுதுற வேலை வீட்டம்மாவுது, அவங்கதான் காலைப் பையையும் சாயங்காலப் பையையும் தனித்தனி கூடையில வைக்கணும்னு சொன்னாங்க, அது ரொம்ப உதவியா இருக்கு. காசு முன்னாடி வாங்கல, கத்தரி எடை கொஞ்சம் கூடக் குறைய வரும், திண்ணையில தராசுல போட்டு எடைக்கு என்ன வருதோ அதை ஜிபேல வாங்கிக்கிறோம்.