கடல் வற்றும் சனிக்கிழமைக்காக ஒரு ஷிஃப்ட் மாற்றம்

ஹாம்பர்க்கிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் குக்ஸ்ஹாஃபன் வந்துவிடும். அங்கே கடல் உள்வாங்கும் வேளையில், வெறும் சேற்றுத் தரையில் சுமார் 10 கிலோமீட்டர் நடந்து நொய்வெர்க் என்ற சிறு தீவை அடையலாம். நீர் ஏறிய பிறகு கப்பலில் திரும்ப வேண்டும். நான் இந்த நடைக்காக ஒரு கோடை முழுவதும் காத்திருந்தேன். கடல் வற்றும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போவதால், பகல் வேளையில் வற்றும் சனிக்கிழமை ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். நான் செவிலியராக வேலை செய்யும் மருத்துவமனையிலும் எங்களுக்கு ஒன்றுவிட்டு ஒரு வாரக் கடைசிதான் வேலை. சந்திரனும் எங்கள் வார்டின் அட்டவணையும் பேசிவைத்துக்கொண்டதைப் போல, நல்ல சனிக்கிழமை ஒவ்வொன்றும் என் வேலை நாளாகவே விழுந்தது.

ஆகையால் எதிர் வாரக் கடைசிக் குழுவில் இருக்கும் ஒரு ஜெர்மானியச் சக செவிலியரிடம் கேட்க முடிவு செய்தேன். முதலில் நம் ஊர் வழக்கப்படி, நலம் விசாரித்துவிட்டு, “16ஆம் தேதி சனிக்கிழமை ஏதாவது வேலை இருக்கிறதா?” என்று எழுதினேன். “இல்லை, ஏன்?” என்று இரண்டே சொல்லில் பதில் வந்தது. அதில் கோபம் எதுவும் இல்லை. நான் இன்னும் எதையும் கேட்கவில்லை என்பதுதான் அதன் பொருள். ஆனால் விடுப்பு நாளைப் பற்றி இப்படிக் கேட்டால், ‘ஐன்ஷ்ப்ரிங்கன்’ வேண்டுகிறோம் என்று நினைத்துவிடுவார்கள். பதிலுக்கு வேறு ஷிஃப்ட் எதுவும் மாற்றிக்கொள்ளாமல் ஓய்வு நாளில் ஓடிவந்து உதவுவதற்கு அந்தப் பெயர். நான் கேட்க நினைத்தது ‘டவுஷன்’, அதாவது ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்வது.

அட்டவணையை எடுத்துவைத்துக்கொண்டு மறுபடி எழுதினேன். எங்கள் வார்டில் எல்லோரும் ஒருமையில்தான் பேசிக்கொள்வோம். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரை ‘நீ’ என்று எழுதுவது எனக்கு இன்னும் கூசுகிறது. அந்தச் செய்தியின் தமிழ் வடிவம் இது:

“ஆகஸ்ட் 16, சனிக்கிழமை எனக்குப் பிற்பகல் ஷிஃப்ட், 13.30 முதல் 21.30 வரை. அதை நீ எடுத்துக்கொள்ள முடியுமா? பதிலுக்கு ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை உன் காலை ஷிஃப்டை, 6.00 முதல் 14.00 வரை, நான் பார்க்கிறேன். 17ஆம் தேதி உனக்கு விடுப்பு என்பதால் ஓய்வு நேரத்துக்குச் சிக்கல் இல்லை. நீ சம்மதித்தால் பொறுப்புச் செவிலியருக்கு நானே எழுதுகிறேன். வியாழக்கிழமை மாலைக்குள் சொன்னால் போதும், முடியாவிட்டாலும் பரவாயில்லை.”

ஓய்வு நேரத்தைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. இரண்டு வேலைகளுக்கு நடுவே 11 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்பது ஜெர்மனியின் வேலை நேரச் சட்டம். மருத்துவமனைகளில் அதை 10 ஆகக் குறைக்கலாம், குறைத்ததைப் பிறகு ஈடுகட்ட வேண்டும். இரவு 21.30க்கு முடித்தவர் மறுநாள் 6.00க்கு வந்தால் இடைவெளி எட்டரை மணி நேரம்தான். அப்படி ஒரு மாற்றத்துக்கு இருவரும் ஒப்புக்கொண்டாலும் பொறுப்புச் செவிலியர் மறுத்துவிடுவார்.

அன்று மாலையே பதில் வந்தது. சனிக்கிழமையை ஏற்றுக்கொள்வதாகவும், ஆனால் ஞாயிற்றுக்கிழமையைத் தர விரும்பவில்லை என்றும், அதற்குப் பதில் 23ஆம் தேதி சனிக்கிழமைப் பிற்பகல் ஷிஃப்டை நான் எடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார். பெரிய விட்டுக்கொடுப்பாக எண்ணி ஞாயிறைக் கொடுக்க முன்வந்த எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது: ஞாயிற்றுக்கிழமை வேலைக்குத் தனிப் படி உண்டு, குறிப்பிட்ட அளவுவரை அதற்கு வருமான வரியும் இல்லை. நான் அவருடைய சுமையைக் குறைப்பதாக நினைத்து, அவர் சம்பளத்தில் கைவைக்கப் பார்த்திருக்கிறேன். தெளிவாகக் கேட்டதால்தான் அவரும் அவ்வளவு தெளிவாகத் திருத்த முடிந்தது.

“சரி, 16க்கு 23” என்று ஒரு வரி அனுப்பி, இருவரின் செய்திகளையும் பொறுப்புச் செவிலியருக்கு அனுப்பிவைத்தேன். அட்டவணையில் பெயர் மாறும்வரை அந்த ஷிஃப்ட் என்னுடையதுதான். நாங்கள் பேசிவைத்தது கணக்கில் வராது. புதன்கிழமை பெயர் மாறிய பிறகே நடைக்குப் பதிவு செய்தேன்.

16ஆம் தேதி முற்பகலில் குக்ஸ்ஹாஃபனின் ஸாலன்புர்க் கரையிலிருந்து இறங்கினோம். வழி தவறாமல் இருக்க, சேற்றில் சுள்ளிக்கட்டுகளை வரிசையாக நட்டிருக்கிறார்கள். நடுவே ஓடும் ஒரு நீரோடையில் தொடைவரை நனைந்தபடி கடந்துகொண்டிருந்தபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்: 13.30. வார்டில் அவர் அந்நேரம் என் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளைக் கேட்டுக்கொண்டிருப்பார்.