நாட்காட்டித் தாளில் போட்ட கோடுகள்

மேலூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அப்பாவுக்கு 64 வயதில் நுரையீரல் புற்றுநோய் நான்காம் நிலையில் இருப்பது தெரியவந்தது. திசுப் பரிசோதனையில் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணு மாற்றங்கள் இல்லை என்றும், புற்றணுக்களில் 70 சதவீதத்தில் பிடி-எல்1 என்ற புரதம் இருக்கிறது என்றும் வந்ததால், கீமோ இல்லாமல் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தை மட்டும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம் ஏற்றலாம் என்று மதுரை மருத்துவமனையில் முடிவு செய்தார்கள். அரை மணி நேர டிரிப்ஸ்தான். முடி கொட்டவில்லை, வாந்தி இல்லை. அதனாலேயே பக்கவிளைவே இல்லாத மருந்து என்று வீட்டில் எல்லோரும் நம்பிவிட்டோம்.

டாக்டர் தொடக்கத்திலேயே விளக்கியிருந்தார். நம் உடலைக் காக்கும் டி அணுக்களின் மேல் பிடி-1 என்ற ஒரு பிரேக் இருக்கிறது. அந்த அணுக்கள் நம் சொந்த உறுப்புகளைத் தாக்கிவிடாமல் இருக்க இயற்கை வைத்த ஏற்பாடு அது. புற்றணு தன் மேலிருக்கும் பிடி-எல்1 புரதத்தால் அந்தப் பிரேக்கை அழுத்தித் தப்பித்துக்கொள்கிறது. இந்த மருந்து பிடி-1ஐ மூடிவிடுவதால் புற்றணுவால் அழுத்த முடிவதில்லை. ஆக, நோயைத் தாக்குவது மருந்தல்ல, நம் டி அணுக்களே. ஆனால் பிரேக் உடல் முழுவதும் தளர்வதால், குடல், நுரையீரல், கல்லீரல், தைராய்டு, தோல் என எதை வேண்டுமானாலும் அந்த அணுக்கள் தாக்கக்கூடும். இதை நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேனே தவிர, மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை.

நான்காவது டோஸ் முடிந்த பத்தாம் நாள் அப்பாவுக்குப் பேதி தொடங்கியது. முதல் நாள் ஐந்து முறை. அதற்கு முந்தைய நாள் ஒரு காதுகுத்து வீட்டில் சாப்பிட்டிருந்ததால், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஊரிலிருந்த டாக்டரிடம் காட்டினோம். கீமோ இல்லை என்றால் புற்றுநோய் மருந்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை என்று நாங்கள் எண்ணியதுதான் பெரிய தவறு. கிருமிக்கு ஒரு மாத்திரையும் பேதியை நிறுத்த ஒரு மாத்திரையும் கொடுத்தார். ஒரு நாள் அடங்கினாற்போல் இருந்தது. மூன்றாம் நாள் ஒன்பது முறை போனார், சளியும் இரத்தமும் கலந்திருந்தன. மகளிடம் சொல்லக் கூச்சப்பட்டு, இரத்தம் வந்ததை அவர் மறைத்திருந்தார். அம்மா பார்த்துதான் தெரிந்தது.

அன்றிரவே மதுரையில் சேர்த்தோம். பணியிலிருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வழக்கமா ஒரு நாளைக்கு எத்தனை தடவை வெளிக்குப் போவீங்க ஐயா?" என்பது. வழக்கத்தைவிட நான்கு முதல் ஆறு முறை கூடினாலே உடனே சொல்ல வேண்டிய நிலை, ஏழோ அதற்கு மேலோ கூடினால் கடுமையான நிலை. அப்பாவின் வழக்கம் ஒரு முறை. ஆகவே முதல் நாளே போன் செய்திருக்க வேண்டும். மலத்தில் கிருமி இல்லை என்று பார்த்துவிட்டு, குழாய் விட்டுப் பெருங்குடலைச் சோதித்ததில் உட்சுவர் சிவந்து புண்ணாகியிருந்தது. அது மருந்தால் வந்த குடல் அழற்சி. பேதியை நிறுத்தும் மாத்திரை, போகும் எண்ணிக்கையை மட்டும் குறைத்து, உள்ளே வளரும் அழற்சியை மறைத்துவிடும் என்று அப்போதுதான் புரிந்தது.

எடை 60 கிலோ என்பதால் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை நாளுக்கு 60 மில்லிகிராம் வீதம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் எண்ணிக்கை மூன்றுக்கு இறங்கியது. அடங்காவிட்டால் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற ஊசி தேவைப்படும், அது மறைந்திருக்கும் காசநோயைக் கிளப்பக்கூடும் என்பதால் அதற்கான பரிசோதனையையும் முன்கூட்டியே செய்தார்கள். எங்களுக்கு அந்த ஊசி தேவைப்படவில்லை. வீட்டுக்கு வந்தபின் ஸ்டீராய்டு மாத்திரையை வாரத்துக்குப் பத்து மில்லிகிராம் வீதம் ஆறு வாரத்தில் குறைக்கச் சொன்னார்கள். இரண்டாம் வாரமே நன்றாகிவிட்டது என்று அப்பா நிறுத்தப் பார்த்தார். திடீரென நிறுத்தினால் அழற்சி திரும்பும், உடலும் தளர்ந்துபோகும் என்பதால் நான் விடவில்லை. அந்த வாரங்களில் சர்க்கரை ஏறியதால் அதையும் அடிக்கடி பார்க்க வேண்டியிருந்தது.

அப்போதிருந்து தினசரி நாட்காட்டித் தாளைக் கிழித்தெறியாமல், அதன் பின்பக்கத்தில் வெளிக்குப் போன ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு போடுகிறார். எண்ணைச் சொல்லக் கூச்சப்பட்டவருக்குக் கோடு போடக் கூச்சமில்லை.

ஸ்டீராய்டு மாத்திரை முடிந்து, குடல் முழுதாக ஆறிய பிறகே புற்று மருந்தை மீண்டும் தொடங்கினார்கள். அடுத்த சில மாதங்களில் அப்பாவுக்கு ஓயாத அசதியும் குளிரும் வந்தன. புற்றுநோயால் என்று விட்டிருப்போம். இரத்தத்தில் தைராய்டின் நிலையைக் காட்டும் டிஎஸ்ஹெச் அளவைப் பார்த்ததில் தைராய்டு சுரப்பு குறைந்திருந்தது. அதற்கு ஸ்டீராய்டு வேண்டாம், புற்று மருந்தையும் நிறுத்த வேண்டாம்; தைராக்சின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போடுகிறார், அனேகமாக வாழ்நாள் முழுதும் போட வேண்டியிருக்கும்.

நான் இப்போது மிகவும் அஞ்சுவது இருமலுக்குத்தான். பனிக்காலத்து இருமலும் மருந்தால் வரும் நுரையீரல் அழற்சியும் தொடக்கத்தில் ஒன்றுபோலவே இருக்கும். புதிதாக வறட்டு இருமல் வந்தாலோ, வழக்கமாக நடக்கும் கண்மாய்க்கரை வரை நடந்தாலே மூச்சு வாங்கினாலோ, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு அவருடைய வழக்கமான 96இலிருந்து இறங்கினாலோ, இருமல் மருந்து வாங்காமல் அன்றே சி.டி. ஸ்கேனுக்கு வரும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். மருந்தை நிறுத்திப் பல மாதங்கள் ஆன பிறகும் இவை வரலாம் என்பதால், மருந்தின் பெயரும் மருத்துவமனை போன் எண்ணும் எழுதிய அட்டையை அப்பாவின் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்; காய்ச்சலுக்கு ஊசி போடப் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறார்.