பதினெட்டு சதவீதம் யாருடையது?

2015 அக்டோபர் 26 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஒரு செய்திக் குறிப்பை வெளியிட்டது. பொருள்: சிவப்பு இறைச்சியும் பதப்படுத்திய இறைச்சியும். இரண்டு பக்கம்தான். கூடவே ஒரு கேள்வி-பதில் தாளும் வந்தது. அன்று மாலைக்குள் உலகெங்கும் அதன் சுருக்கங்கள் வந்துவிட்டன. அவற்றில் பல மூலத்தோடு ஒத்துப்போகவில்லை. சுருக்கத்தை மூலத்தோடு ஒப்பிடும் வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்க இதைவிடப் பொருத்தமான மூலம் கிடைப்பது அரிது. மூலம் சிறியது, மொழி தெளிவானது. அப்படி இருந்தும் பிழை நுழைய வழிகள் ஏராளம்.

பயிற்சிக்காக எழுதிய ஒரு சுருக்கத்தை எடுத்துக்கொள்வோம். அன்றைய செய்திகளில் பரவலாகக் கண்ட பிழைகளைத் தமிழில் ஓரிடத்தில் திரட்டியது இது:

"இறைச்சி சாப்பிட்டால் புற்றுநோய்! பதப்படுத்திய இறைச்சியும் சிவப்பு இறைச்சியும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் முகமை அறிவித்துள்ளது. 10 நாடுகளைச் சேர்ந்த 22 நிபுணர்கள் 800க்கும் மேற்பட்ட ஆய்வுகளை நடத்தி இந்த முடிவுக்கு வந்துள்ளனர். சாசேஜ், பேக்கன், உப்புக்கண்டம் போன்றவை புகையிலையைப் போலவே ஆபத்தானவை என்று முதல் பிரிவில் சேர்க்கப்பட்டுள்ளன. தினமும் 50 கிராம் சாப்பிடுபவர்களில் 18 சதவீதம் பேருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும். கோழியும் மீனும் பாதுகாப்பானவை."

இதை உடனே படித்திருக்கக் கூடாது என்பதுதான் முதல் விதி. சுருக்கத்தை முதலில் படித்தால் அதன் சட்டகம் மனதில் பதிந்துவிடும். பிறகு மூலத்தைப் படிக்கும்போது சுருக்கத்தில் உள்ளவை மட்டுமே கண்ணில் படும்; இல்லாதவை நழுவிவிடும். அதனால் விடுபட்டதைத் தேடும் வேலையைத்தான் முதலில் செய்ய வேண்டும். சுருக்கத்தை மூடி வைத்துவிட்டு மூலத்தைப் படித்து, 'இது தெரியாவிட்டால் வாசகர் தவறாகப் புரிந்துகொள்வார்' என்று தோன்றுபவற்றை மட்டும் தனித்தாளில் எழுத வேண்டும். ஐந்தாறுக்கு மேல் போனால் அது பட்டியல் இல்லை, இன்னொரு சுருக்கம்.

இந்த மூலத்துக்கு அந்தத் தாளில் இருக்க வேண்டியவை இவை. பதப்படுத்திய இறைச்சிக்குப் போதிய சான்று உண்டு, அது முதல் பிரிவு, அதாவது மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்குவது. சிவப்பு இறைச்சிக்கு மனிதர்களிடம் கிடைத்த சான்று வரம்புக்குட்பட்டது, அது 2ஏ பிரிவு, அதாவது பெரும்பாலும் உண்டாக்கக்கூடியது. தினமும் உண்ணும் ஒவ்வொரு 50 கிராம் பதப்படுத்திய இறைச்சிக்கும் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடுகிறது. தனிமனிதருக்கு அந்த அபாயம் சிறியதே, ஆனால் உண்ணும் அளவு கூடக் கூட அதுவும் கூடும். பிரிவு என்பது சான்றின் வலுவைச் சொல்வது, ஆபத்தின் அளவை அல்ல. சிவப்பு இறைச்சிக்கு ஊட்டச்சத்து மதிப்பு உண்டு.

இப்போது சுருக்கத்தைத் திறந்தால் ஆறில் நான்கு அறவே இல்லை என்பது சட்டென்று தெரிகிறது. மற்ற இரண்டும் உருக்குலைந்து கிடக்கின்றன.

அடுத்தது எதிர்த்திசைப் பயணம்: சுருக்கத்திலிருந்து மூலத்துக்கு. ஒவ்வொரு கூற்றையும் தனித்தனியாக அடிக்கோடிட்டு, அது மூலத்தில் எந்தப் பக்கம், எந்தப் பத்தி என்று ஓரத்தில் குறிக்க வேண்டும். கூற்று என்றால் வாக்கியம் அல்ல. ஒரு வாக்கியத்துக்குள் நான்கு கூற்றுகள் இருக்கலாம். நிபுணர்களைப் பற்றிய வாக்கியத்தைப் பாருங்கள். 10 நாடுகள், 22 பேர், 800க்கும் மேல் என்ற மூன்றும் மூலத்தில் அப்படியே உள்ளன. எண்கள் பொருந்தியதும் சரிபார்ப்பவரின் கை தானாக டிக் போட்டுவிடும். வினைச்சொல்தான் பொய். அவர்கள் ஆய்வுகளை 'நடத்தவில்லை'. ஏற்கெனவே வெளியானவற்றைப் பரிசீலித்தார்கள். அடுத்த நாள் வாசகர், 800 ஆய்வுகளை ஒரே குழு எப்படி நடத்தியது என்று கேட்டால் பதில் இருக்காது.

18 சதவீதம் இதைவிட மோசமான இடம். எண் சரி, 50 கிராமும் சரி, நோயின் பெயரும் ஓரளவு சரி. ஆனால் அந்த 18 யாருடையது? மூலத்தில் அது அபாயத்தின் கூடுதல். சுருக்கத்தில் அது ஆட்களின் எண்ணிக்கை. கணக்குக்காக ஓர் ஊரில் ஆயிரம் பேரில் 50 பேருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீதம் கூடினால் அது 59 ஆகும். சுருக்கம் சொல்வதோ 180. ஒரு சொல் மாறியதில் மூன்று மடங்கு. அதனால் எண் வரும் இடமெல்லாம் எண்ணோடு நிற்காமல் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: எதனுடைய சதவீதம், எதோடு ஒப்பிட்டு, எந்த அளவுக்கு. மூன்றுக்கும் சுருக்கமும் மூலமும் ஒரே பதிலைத் தந்தால்தான் டிக்.

உப்புக்கண்டம் வேறு வகை. உப்பிடுதல், புகையூட்டுதல் போன்ற முறைகளால் மாற்றப்பட்ட இறைச்சியே பதப்படுத்திய இறைச்சி என்று மூலம் வரையறுக்கிறது. அந்த வரையறைக்குள் உப்புக்கண்டம் வரும் என்று வாதிடலாம். வாதம் நியாயமானதாகவும் இருக்கலாம். ஆனால் மூலம் அதைச் சொல்லவில்லை. தமிழ் வாசகருக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு சேர்த்தது இது. இப்படிச் சேர்ப்பதுதான் பிடிக்கக் கடினமானது, ஏனென்றால் சரிபார்ப்பவருக்கும் அது இயல்பாகவே தோன்றும். பேக்கன் விஷயம் இன்னும் நுட்பமானது. அன்றைய தலைப்புகளில் எங்கும் பேக்கன்தான். மூலம் தரும் எடுத்துக்காட்டுகளில் ஹாட்டாக், ஹாம், சாசேஜ், உப்பிட்ட மாட்டிறைச்சி, உலர்த்திய இறைச்சி, டின்னில் அடைத்த இறைச்சி எல்லாம் உண்டு, பேக்கன் இல்லை. வரையறைப்படி அது பொருந்தும் என்பது வேறு. இப்படியொரு சொல் வந்தால் சுருக்கியவர் மூலத்தைப் பார்த்து எழுதினாரா, வேறு செய்தித்தாளைப் பார்த்து எழுதினாரா என்று சந்தேகப்பட வேண்டும். மற்ற வரிகளை இரு மடங்கு கவனத்தோடு பார்க்கவும் வேண்டும்.

கோழி, மீன் பற்றிய கடைசி வரிக்கு மூலத்தில் இடமே கிடைக்காது. கேள்வி-பதில் தாள் அவற்றின் அபாயம் மதிப்பிடப்படவில்லை என்கிறது. 'மதிப்பிடவில்லை' என்பது 'பாதுகாப்பானது' ஆகிவிட்டது. போதாக்குறைக்கு, பதப்படுத்திய இறைச்சியில் கோழியும் இருக்கலாம் என்று வரையறையே சொல்கிறது. அச்சுறுத்தும் புனைவை எல்லோரும் பிடித்துவிடுகிறார்கள். ஆறுதல் தரும் புனைவு சத்தமில்லாமல் தப்பிவிடுகிறது.

மூன்றாவது சுற்று அழுத்தத்துக்கு. இங்கே எந்தக் கூற்றும் தனியாகப் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. தமிழில் அழுத்தம் இடம் மாறும் இடங்கள் சிலவே. அவற்றை மட்டும் பார்த்தால் போதும்.

முதலாவது உம்மை. "பதப்படுத்திய இறைச்சியும் சிவப்பு இறைச்சியும் உண்டாக்கும்" என்று இரண்டையும் ஒரே வினைமுற்றில் கட்டியதும் மூலம் பிரித்து வைத்த இரண்டு படிகள் ஒன்றாகிவிட்டன. தலைப்பு இன்னும் ஒரு படி போய் இரண்டையும் வெறும் 'இறைச்சி' ஆக்கிவிட்டது. இரண்டு வினைகள் தேவை: ஒன்றுக்கு 'உண்டாக்குகிறது', மற்றதற்கு 'பெரும்பாலும் உண்டாக்கக்கூடியது'. வெறும் 'கூடும்' போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 2ஏ பிரிவுக்கே அதைக் கொடுத்துவிட்டால் அதற்கும் கீழே உள்ள 2பி பிரிவுக்குச் சொல் மிஞ்சாது. 2023 ஜூலையில் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பை இதே முகமை 2பி பிரிவில் வைத்தபோது இந்தச் சிக்கல் நேரடியாகவே எழுந்தது.

இரண்டாவது 'என்று'. "புகையிலையைப் போலவே ஆபத்தானவை என்று சேர்க்கப்பட்டுள்ளன" என்னும்போது காரணத்தைச் சொன்னது முகமை என்றாகிறது. ஒரே பிரிவில் இருப்பதால் ஆபத்தும் சமம் என்று பொருள் இல்லை என்பதை முகமை கேள்வி-பதில் தாளில் தனியாகவே எழுதியிருக்கிறது. சுருக்கியவரின் ஊகத்தை 'என்று' மூலத்தின் வாயில் வைத்துவிட்டது. ஒவ்வொரு 'என்று'க்கும் பின்னால் யார் நிற்கிறார் என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது 'ஆனால்'. மூலத்தில் முகமையின் அதிகாரி சொல்லும் வரிசை: தனிமனிதருக்கு அபாயம் சிறியதே, ஆனால் உண்ணும் அளவோடு அது கூடும். இதைத் திருப்பி, "அளவோடு அபாயம் கூடும், ஆனால் தனிமனிதருக்கு அது சிறியதே" என்று எழுதினால் இரண்டு உண்மைகளும் அப்படியே இருக்கும். முடிவு மட்டும் மாறிவிடும். தமிழில் 'ஆனால்' என்பதற்குப் பின் வருவதே மனதில் தங்கும். பரபரப்பை வெறுக்கும் நல்ல எழுத்தாளர்களே பெரும்பாலும் இந்தத் திருப்பலைச் செய்கிறார்கள். வாசகரைப் பயமுறுத்தக் கூடாது என்ற அக்கறையில் மூலம் வைக்காத தாழ்ப்பாளைப் போட்டுவிடுகிறார்கள். அச்சத்தின் பக்கம் சாய்ந்தாலும் ஆறுதலின் பக்கம் சாய்ந்தாலும் பிழை பிழைதான்; திருத்தக் குறியும் ஒன்றே.

இதற்குப் பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. திருத்திய வரிகளைச் சரிபார்ப்பவரே எழுதியிருப்பார். அவற்றை யாரும் மூலத்தோடு ஒப்பிட்டிருக்க மாட்டார்கள். ஆகவே திருத்திய சுருக்கம் முதல் சுற்றிலிருந்து மீண்டும் போக வேண்டும், முடிந்தால் வேறொருவர் கையில். மேலே உள்ளதைத் திருத்தினால் ஏறத்தாழ அதே அளவில் இப்படி வரும்:

"பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதற்குப் போதிய சான்று உள்ளதாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அறிவித்துள்ளது. ஆடு, மாடு, பன்றி முதலிய சிவப்பு இறைச்சியை, வரம்புக்குட்பட்ட சான்றின் அடிப்படையில், பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என வகைப்படுத்தியுள்ளது. தினமும் உண்ணும் ஒவ்வொரு 50 கிராம் பதப்படுத்திய இறைச்சிக்கும் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடுகிறது. தனிமனிதருக்கு இந்த அபாயம் சிறியதே, ஆனால் உண்ணும் அளவோடு கூடும். இந்த வகைப்பாடு சான்றின் வலுவைக் குறிக்கிறது, ஆபத்தின் அளவை அல்ல. சிவப்பு இறைச்சிக்கு ஊட்டச்சத்து மதிப்பு உண்டு என்றும் முகமை கூறியுள்ளது."

நிபுணர்களின் எண்ணிக்கையும் 800 ஆய்வுகளும் போய்விட்டன. இடம் வேண்டுமென்று வெளியேற்றியவை அவை; அவை இல்லாததால் வாசகர் எதையும் தவறாக நம்பப் போவதில்லை. இரண்டாம் முறை ஒப்பிட்டபோது இன்னொன்றும் தட்டுப்பட்டது: 'வரம்புக்குட்பட்ட சான்றின் அடிப்படையில்' என்பது மூலத்தின் பாதிதான். மனிதர்களிடம் கிடைத்த சான்று வரம்புக்குட்பட்டது. ஆனால் புற்றுநோய் எப்படி உண்டாகலாம் என்ற செயல்முறைச் சான்று வலுவானது என்று மூலம் அதே வாக்கியத்தில் சொல்கிறது. 2ஏ என்ற இடம் இரண்டும் சேர்ந்து தந்தது. அதனால் அந்த இடத்தில் 'மனிதர்களிடம் வரம்புக்குட்பட்ட சான்றும் வலுவான செயல்முறைச் சான்றும் இருப்பதால்' என்று மாற்ற வேண்டியிருக்கிறது. கூடுதலாக வரும் சொற்களுக்கு இடம் கொடுக்க 'முதலிய' வரை உள்ள எடுத்துக்காட்டுகளைக் குறைக்கலாமா என்றால், கூடாது. அவற்றை எடுத்தால் சிவப்பு இறைச்சி என்பது என்ன என்று வாசகருக்குத் தெரியாது. தன் வீட்டு ஆட்டுக்கறி அதில் சேருமா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.